கண்டறிந்த வரிசையும் முடிவெடுக்கும் வரிசையும்: இருக்கும் ஸ்லைடுகளை மாற்றி அடுக்குதல்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கோ, குறுவள மையக் கூட்டத்துக்கோ நாம் தயாரிக்கும் பவர்பாயிண்ட் கோப்புகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கும். முதலில் பள்ளியின் பெயர், அடுத்து பள்ளி வரலாறு, பிறகு மாணவர் எண்ணிக்கை, அதன்பின் சேகரித்த தகவல்கள், கடைசியில் பரிந்துரைகள், நன்றி. ஒரு சிக்கலை நாம் எந்த வரிசையில் ஆராய்ந்தோமோ அந்த வரிசையிலேயே ஸ்லைடுகளும் அமைந்துவிடுகின்றன. தயாரித்தவருக்கு அது இயல்பான வரிசை. எதிரே அமர்ந்து முடிவெடுக்க வேண்டியவருக்கு அது உதவுவதில்லை. அவருடைய மனத்தில் எழும் கேள்விகள் மூன்று: என்ன சிக்கல்? அது உண்மை என்று எப்படித் தெரியும்? நான் என்ன செய்ய வேண்டும்?

இந்த மூன்று கேள்விகளின் வரிசையில், அதாவது சிக்கல், சான்று, பரிந்துரை என்ற வரிசையில், ஏற்கெனவே இருக்கும் ஸ்லைடுகளை எப்படி மாற்றி அடுக்குவது என்பதை எங்கள் பள்ளி அனுபவத்தைக் கொண்டே விளக்குகிறேன். இதற்காக நாங்கள் ஒரு ஸ்லைடுகூடப் புதிதாகச் செய்யவில்லை.

முதல் கூட்டத்தில் நடந்தது

எங்களுடையது ஒரு நடுநிலைப் பள்ளி. 8-ஆம் வகுப்பில் 30 பிள்ளைகள். அவர்களில் 11 பேர் கிழக்கே உள்ள இரண்டு குக்கிராமங்களிலிருந்து நகரப் பேருந்தில் வருபவர்கள். மற்ற 19 பேர் நடந்தோ மிதிவண்டியிலோ வருவார்கள். முதல் பாடவேளை காலை 9.20-க்குத் தொடங்கி 10 மணிக்கு முடியும். அந்த ஆண்டு 8-ஆம் வகுப்புக்கு முதல் பாடவேளை தினமும் கணக்கு.

பேருந்தில் வரும் பிள்ளைகள் கணக்கில் பின்தங்குவதைக் கவனித்த நாங்கள், ஒரு மாதத்தில் 20 வேலைநாள்கள் பேருந்து வந்த நேரத்தையும் பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைந்த நேரத்தையும் குறித்து வைத்தோம். மதிப்பெண்களைத் தொகுத்தோம். பிள்ளைகளிடம் காரணம் கேட்டோம். எல்லாவற்றையும் 15 ஸ்லைடுகளாக்கினோம். அவற்றின் வரிசை இது:

1. தலைப்பு
2. பள்ளி வரலாறு
3. வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை
4. ஊர்வாரி மாணவர்கள், வரைபடம்
5. தகவல் திரட்டிய முறை
6. வருகை சதவீதம்
7. தாமத வருகை, நாள்வாரி அட்டவணை
8. பேருந்தின் நேரம்
9. பள்ளிக் கால அட்டவணை
10. கணக்குத் தேர்வு மதிப்பெண்
11. தமிழ்த் தேர்வு மதிப்பெண்
12. சென்ற ஆண்டு மதிப்பெண்
13. மாணவர்கள் கூறிய காரணங்கள்
14. பரிந்துரைகள்
15. நன்றி

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அன்றைய கூட்டத்துக்கும் பெரும்பாலும் தாய்மார்களே வந்திருந்தார்கள். வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்து வந்தவர்களும் உண்டு. வரலாறு, எண்ணிக்கை, வரைபடம், தகவல் திரட்டிய முறை என்று ஐந்து ஸ்லைடுகள் கடந்தன. ஆறாவது ஸ்லைடில் வருகை 94 சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஓர் உறுப்பினர் கேட்டார்: "94 நல்லாத்தானே சார் இருக்கு? நம்ம பிள்ளைங்க ஒழுங்கா வர்றாங்கன்னுதானே இதுக்கு அர்த்தம்?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. சிக்கல் என்ன என்பதை நாங்கள் அதுவரை சொல்லவேயில்லை. சொல்லாமலேயே, சிக்கல் எதுவும் இல்லை என்று காட்டும் ஒரு ஸ்லைடை முன்னால் வைத்துவிட்டோம். பிறகு அதற்கு விளக்கம் சொல்வதில் நேரம் போயிற்று. பரிந்துரைகளுக்கு வந்தபோது 22 நிமிடங்கள் ஆகியிருந்தன. இரண்டு தாய்மார்கள் எழுந்து போய்விட்டார்கள். பரிந்துரை ஸ்லைடில் ஏழு வரிகள் இருந்தன. எதைப் பற்றியும் பேச நேரமில்லை. தீர்மானப் பதிவேட்டில் "ஆவன செய்யப்படும்" என்று எழுதப்பட்டது. யார், எதை, எப்போது என்பது எதுவும் அதில் இல்லை. அடுத்த நாளும் 11 பிள்ளைகள் தாமதமாகவே வந்தார்கள்.

ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு வாக்கியம்

அடுத்த கூட்டத்துக்கு முன் அதே கோப்பை மறுபடி எடுத்தோம். கணினியில் உடனே ஸ்லைடுகளை இழுத்துப் போடத் தொடங்கவில்லை. கைப்பிரதி வடிவில் ஒரு தாளுக்கு 6 ஸ்லைடுகள் வீதம் அச்சிட்டு, கத்தரித்து, மேசைமேல் பரப்பினோம். அச்சிட வசதி இல்லையென்றால் துண்டுத் தாள்களில் ஸ்லைடின் எண்ணையும் தலைப்பையும் எழுதிக்கொண்டாலே போதும்.

பிறகு ஒவ்வொரு துண்டின் பின்புறமும் "இதனால் தெரிவது..." என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை எழுதினோம். இந்த வேலையில் மிக முக்கியமான கட்டம் இதுதான். ஸ்லைடின் தலைப்பு அது எதைப் பற்றியது என்று மட்டுமே சொல்கிறது. "பேருந்தின் நேரம்" என்பது ஒரு பொருள். அதை வைத்து அந்த ஸ்லைடு எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது. "பேருந்து சரியான நேரத்துக்கு வந்தாலும் பிள்ளைகள் தாமதமாகவே வகுப்புக்கு வருவார்கள்" என்பது ஒரு கூற்று. கூற்றாக எழுதியதும் அதன் இடம் தானே தெரிந்துவிடும்.

சில ஸ்லைடுகளுக்கு வாக்கியம் எழுதவே முடியவில்லை. பள்ளி வரலாறு, வகுப்புவாரி எண்ணிக்கை ஆகியவை அப்படிப்பட்டவை. அவை தவறான ஸ்லைடுகள் அல்ல. இந்தக் கூட்டத்தில் இந்த முடிவுக்கு அவற்றால் பயனில்லை, அவ்வளவுதான். அவற்றைத் தனியாக ஒதுக்கினோம்.

மூன்று அடுக்குகள்

வாக்கியங்கள் எழுதிய துண்டுகளை மூன்று அடுக்காகப் பிரித்தோம். என்ன கெட்டுப்போயிருக்கிறது, யாருக்கு, எவ்வளவு என்று சொல்பவை சிக்கல். அது ஏன் நடக்கிறது, எப்படித் தெரியும் என்று சொல்பவை சான்று. யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று சொல்பவை பரிந்துரை.

சிக்கல் அடுக்கில் இரண்டே ஸ்லைடுகள் சேர்ந்தன. ஒன்று, 7-ஆவது ஸ்லைடான தாமத வருகை அட்டவணை. 20 நாள்களிலும் இந்த 11 பேரும் 9.20-க்குப் பிறகே வகுப்புக்கு வந்தார்கள். அவற்றில் 14 நாள்கள் 9.40-க்கும் பின்னால் வந்தார்கள். 40 நிமிடப் பாடவேளையில் பாதிக்கு மேல் போய்விட்டது. மற்றொன்று, 10-ஆவது ஸ்லைடு. கணக்கு வகுப்புத் தேர்வில் 50-க்கு நடந்து வரும் பிள்ளைகளின் சராசரி 31. பேருந்தில் வரும் பிள்ளைகளின் சராசரி 19.

முன்பு நாங்கள் மதிப்பெண்ணைச் சான்று என்றே எண்ணியிருந்தோம். ஆனால் தாமதத்தால் என்ன இழப்பு என்பதைச் சொல்வது அதுதான். "பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள்" என்றால் கேட்பவர் "சரி, கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்கள்" என்பார். "அதனால் கணக்கில் 12 மதிப்பெண் பின்தங்கியிருக்கிறார்கள்" என்று சேர்த்துச் சொன்னால்தான் அது தீர்க்க வேண்டிய சிக்கலாகிறது.

சான்று அடுக்கில் 4, 8, 11, 12, 13 ஆகிய ஐந்து ஸ்லைடுகள் வந்தன. இவற்றுக்குள்ளும் ஒரு வரிசை வேண்டும். கேட்பவர் மனத்தில் அடுத்து எழும் ஐயம் எதுவோ அதற்கு விடை தரும் ஸ்லைடு அடுத்து வர வேண்டும்.

முதல் ஐயம்: "இந்தப் பிள்ளைகள் மட்டும் ஏன் தாமதம்?" அதற்கு 4-ஆவது ஸ்லைடான வரைபடம். 11 பேரும் அந்த இரண்டு குக்கிராமங்களைச் சேர்ந்தவர்கள். ஒரே பேருந்தில் வருபவர்கள்.

இரண்டாவது ஐயம்: "பேருந்து தினமும் தாமதமாக வருகிறதா?" அதற்கு 8-ஆவது ஸ்லைடு. நிறுத்தத்துக்குப் பேருந்து வர வேண்டிய நேரம் 9.15. ஆனால் 14 நாள்கள் 9.30-க்குப் பின்னரே வந்தது. இங்கே ஓர் இடைவெளியைக் கண்டோம். நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு நடக்க 10 நிமிடம் ஆகும். அந்த 10 நிமிடம் எங்கள் 15 ஸ்லைடுகளில் ஒன்றில்கூட இல்லை. எங்களுக்குத் தெரிந்த செய்தி என்பதால் எழுதாமல் விட்டிருக்கிறோம். அதைச் சேர்த்துப் பார்த்தால், பேருந்து 9.15-க்கே வந்தாலும் பிள்ளைகள் வகுப்புக்கு வர 9.25 ஆகிவிடும். ஆக, ஓட்டுநர் சரியாக ஓட்டினாலும் பிள்ளைகளுக்குத் தாமதம்தான். பேருந்தின் கால அட்டவணையே பள்ளி நேரத்துக்குப் பொருந்தவில்லை. வரைபட ஸ்லைடில் "நிறுத்தத்திலிருந்து நடை: 10 நிமிடம்" என்று ஒரு வரி சேர்த்தோம். நாங்கள் புதிதாகச் சேர்த்த தகவல் அது ஒன்றுதான்.

மூன்றாவது ஐயம்: "இந்தப் பிள்ளைகள் முன்பிருந்தே கணக்கில் இப்படித்தானோ?" இதற்கான விடை 12-ஆவது ஸ்லைடில், "சென்ற ஆண்டு மதிப்பெண்" என்ற தலைப்பின்கீழ் ஓர் அட்டவணைக்குள் புதைந்து கிடந்தது. அதே 30 பிள்ளைகள் 7-ஆம் வகுப்பில் படித்தபோது கணக்கு மூன்றாம் பாடவேளையில் இருந்தது. அப்போதைய ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணை 50-க்கு மாற்றினால் நடந்து வருபவர்களின் சராசரி 32. பேருந்தில் வருபவர்களின் சராசரி 30. இரண்டு மதிப்பெண்ணாக இருந்த இடைவெளி 12-ஆகியிருக்கிறது. 8-ஆம் வகுப்புப் பாடம் கடினம் என்றால் அது இரு சாராருக்கும் கடினம்தான். நடந்து வருபவர்களுக்கு ஒரு மதிப்பெண்தான் குறைந்திருக்கிறது. எங்களிடம் இருந்த மிக வலுவான சான்று இதுவே. முதல் கூட்டத்தில் அந்த ஸ்லைடை யாருமே கவனிக்கவில்லை.

அதற்குத் துணையாக 11-ஆவது ஸ்லைடு. நான்காம் பாடவேளையில் நடக்கும் தமிழில் நடந்து வருபவர்கள் 32, பேருந்தில் வருபவர்கள் 30. முழு வகுப்பும் கிடைக்கிற பாடத்தில் அந்தப் பிள்ளைகள் பின்தங்கவில்லை.

கடைசியாக 13-ஆவது ஸ்லைடு: பிள்ளைகள் சொன்ன காரணங்கள். பதினொருவருமே பேருந்தைச் சொன்னார்கள். அவர்களில் இருவர், தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு வருவதால் சில நாள்களில் பேருந்தைத் தவறவிட்டுவிடுவதாகவும் சொன்னார்கள். இதை எடுத்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. எடுக்கவில்லை. அதற்கான காரணத்தைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

சான்று தாங்குகிற அளவுக்கே பரிந்துரை

பரிந்துரை அடுக்கில் 14-ஆவது ஸ்லைடு ஒன்றுதான். அதிலிருந்த ஏழு பரிந்துரைகள்: பேருந்து நேரத்தை மாற்றுதல், கூடுதல் பேருந்து, மாலை நேரச் சிறப்பு வகுப்பு, பெற்றோருக்கு விழிப்புணர்வு, மிதிவண்டி, மாணவர்களுக்கு ஆலோசனை, பாடவேளை மாற்றம்.

ஒவ்வொன்றையும் சான்று அடுக்குக்கு எதிரே வைத்து, "இதைத் தாங்கும் ஸ்லைடு எது?" என்று கேட்டோம். விழிப்புணர்வுக்கும் ஆலோசனைக்கும் ஒரு ஸ்லைடும் இல்லை. பிள்ளைகளும் பெற்றோரும் சோம்பலாக இருக்கிறார்கள் என்று எந்தச் சான்றும் சொல்லவில்லை. கூடுதல் பேருந்து தேவை என்பதற்கும் சான்று இல்லை. இருக்கிற பேருந்தின் நேரம்தான் பொருந்தவில்லை. மிதிவண்டியில் வரும் அளவுக்கு ஊர் அருகில் உள்ளதா என்று நாங்கள் பார்க்கவில்லை. மாலைச் சிறப்பு வகுப்பு வைத்தால் மாலைப் பேருந்து போய்விடும். எஞ்சியவை இரண்டு: பேருந்து நேரத்தை மாற்றக் கோருதல், கணக்கை மூன்றாம் பாடவேளைக்கு மாற்றுதல். முதலாவதை 8-ஆவது ஸ்லைடு தாங்குகிறது. இரண்டாவதை 12-ஆவது ஸ்லைடு தாங்குகிறது.

இரண்டையும் யார், எதை, எப்போது என்று நிறைவுசெய்து எழுதினோம். "பேருந்து நிறுத்தத்துக்கு 8.50-க்கு வருமாறு நேரத்தை மாற்றக் கோரி, குழுத் தலைவர் இந்த வாரத்துக்குள் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் தீர்மான நகலுடன் விண்ணப்பம் அளிப்பது." "வரும் திங்கள் முதல் 8-ஆம் வகுப்புக் கணக்கை மூன்றாம் பாடவேளைக்குத் தலைமையாசிரியர் மாற்றுவது." கால அட்டவணையான 9-ஆவது ஸ்லைடு முன்பு நடுவில் காரணமின்றிக் கிடந்தது. மூன்றாம் பாடவேளைக்கு மாற்ற இடமிருக்கிறது என்று காட்டுவதே அதன் வேலை என்பதால், அதைப் பரிந்துரைக்குச் சற்று முன்னால் வைத்தோம்.

புதிய வரிசை

பழைய எண்களில் சொன்னால் புதிய வரிசை இப்படி அமைந்தது: 1, சிக்கலுக்கு 7, 10, சான்றுக்கு 4, 8, 12, 11, 13, பரிந்துரைக்கு 9, 14. மொத்தம் பத்து ஸ்லைடுகள். 6, 5, 3, 2, 15 ஆகிய ஐந்தும் இறுதிக்குப் போய், திரையில் வராதபடி மறைக்கப்பட்டன.

"நன்றி" ஸ்லைடை ஏன் மறைத்தோம் என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். பேசி முடித்ததும் கலந்துரையாடல் தொடங்கும். அந்த நேரம் முழுவதும் திரையில் எது நிற்கிறதோ அதைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். "நன்றி" என்ற சொல் நிற்பதைவிட இரண்டு பரிந்துரைகளும் நிற்பது நல்லது. நன்றியை வாயால் சொன்னால் போதும்.

அடுத்து, தலைப்புகளை மாற்றினோம். துண்டுத் தாளின் பின்னால் எழுதிய வாக்கியத்தையே சுருக்கித் தலைப்பாக்கினோம். "தாமத வருகை, நாள்வாரி அட்டவணை" என்பது "20 நாளில் 14 நாள், 11 பிள்ளைகளுக்குக் கணக்கு வகுப்பில் பாதி போய்விட்டது" என்றானது. "சென்ற ஆண்டு மதிப்பெண்" என்பது "கணக்கு மூன்றாம் பாடவேளையாக இருந்தபோது இவர்கள் பின்தங்கவில்லை" என்றானது. தலைப்பை மாற்றாமல் வரிசையை மட்டும் மாற்றினால் பயன் பாதிதான். ஏன் இந்த ஸ்லைடு இங்கே வருகிறது என்பது பேசுபவருக்கு மட்டுமே தெரியும்.

கணினியில் செய்யும்போது

முதலில் Save As கொடுத்து வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வரிசை வேறொரு கூட்டத்துக்குத் தேவைப்படலாம். பிறகு View பட்டியில் Slide Sorter-ஐத் தேர்ந்தெடுத்தால் எல்லா ஸ்லைடுகளும் சிறு படங்களாகத் தெரியும். மேசையில் அடுக்கிய வரிசைப்படி இழுத்து வையுங்கள். வேண்டாத ஸ்லைடின்மேல் வலது சொடுக்கில் Hide Slide கொடுத்தால் அது கோப்பில் இருக்கும், காட்சியின்போது வராது. லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் பயன்படுத்துவோருக்கும் இந்த இரண்டு வசதிகளும் அதே பெயர்களில் உண்டு.

அடுக்கி முடித்ததும் Outline View-க்குச் சென்று தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழாகச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு பத்தியைப் போல ஒலிக்க வேண்டும். எந்த இடத்தில் "அப்படியா, ஏன்?" என்று தடுமாறுகிறதோ அங்கே ஒரு ஸ்லைடு இடம் மாறியிருக்கிறது, அல்லது ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. தலைப்புக்கான கட்டத்தில் அல்லாமல் தனி உரைப்பெட்டியில் தட்டச்சு செய்த தலைப்புகள் இந்தக் காட்சியில் தெரியாது. பட்டியலில் ஒரு ஸ்லைடுக்குத் தலைப்பே இல்லாததுபோல் இருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். அதை வெட்டித் தலைப்புக் கட்டத்தில் ஒட்டிவிடுங்கள்.

இடம் மாற்றியதும் உடைபடும் இன்னொன்று, ஸ்லைடுக்குள் இருக்கும் சொற்கள். "முன் ஸ்லைடில் கண்டபடி", "மேற்கண்ட அட்டவணை" போன்றவை இப்போது வேறெதையோ சுட்டும். எங்கள் 12-ஆவது ஸ்லைடில் "கீழ்க்காணும் காரணங்களால்" என்று ஒரு வரி இருந்தது. காரணங்கள் இரண்டு ஸ்லைடு தள்ளிப் போயிருந்தன. ஒவ்வொரு ஸ்லைடையும் ஒருமுறை முழுதாகப் படித்து இவற்றை நீக்க வேண்டும்.

மறைத்த ஸ்லைடு கூட்டத்தில் தேவைப்பட்டால், பவர்பாயிண்டில் காட்சியின்போதே அதன் எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் திரைக்கு வரும். அந்த எண்களை ஒரு தாளில் குறித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப் பிரதி கொடுப்பதாக இருந்தால், அச்சிடும் அமைப்பில் Print hidden slides தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது

இந்த வரிசையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சிக்கலிலிருந்து பரிந்துரைக்கு நேர்கோடு போடும் ஆர்வத்தில், கோட்டுக்கு ஒத்துவராத ஸ்லைடுகளை எல்லாம் ஒதுக்கிவிடத் தோன்றும். நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: "இந்தத் தகவல் தெரிந்தால் கேட்பவரின் முடிவு மாறக்கூடுமா?" மாறாது என்றால் மறைக்கலாம். மாறக்கூடும் என்றால் காட்டியே ஆக வேண்டும்.

பள்ளி வரலாறு தெரிவதால் முடிவு மாறாது. ஆனால் இரண்டு பிள்ளைகள் வீட்டுப் பொறுப்பால் பேருந்தைத் தவறவிடுகிறார்கள் என்பது தெரிந்தால், பேருந்து நேரத்தை மாற்றுவது மட்டும் அவர்களுக்குப் போதாது என்று புரியும். அதனால்தான் 13-ஆவது ஸ்லைடு சான்று அடுக்கிலேயே நின்றது.

94 சதவீத வருகை ஸ்லைடு இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அந்த எண் உண்மைதான். ஆனால் தாமதமாக வந்த பிள்ளைக்கும் பதிவேட்டில் "வருகை" என்றே குறிக்கப்படுகிறது; எனவே எங்கள் சிக்கலை அந்த எண்ணால் காட்டவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஸ்லைடை மறைத்துவிட்டு, "வருகைப் பதிவேட்டில் இவர்கள் வந்தவர்கள்தான், வகுப்பில் பாதி நேரம் இல்லை" என்ற வாக்கியத்தைச் சிக்கல் ஸ்லைடிலேயே வாய்மொழியாகச் சேர்த்தோம்.

சான்றின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் இருந்தது 11 பிள்ளைகளின் ஒரு தேர்வு மதிப்பெண். பாடவேளையை மாற்றிப் பார்க்க அது போதும். செலவு இல்லை, பலனில்லை என்றால் பழையபடி மாற்றிவிடலாம். பல லட்சம் செலவாகும் ஒரு கோரிக்கைக்கு அது போதாது.

இந்த வரிசை எல்லா இடத்துக்கும் பொருந்துவதும் இல்லை. வகுப்பறையில் மாணவர்கள் தாமே கண்டறிய வேண்டிய பாடத்துக்கு, கண்டறியும் வரிசையே சரி. விடையை முதலில் சொல்லிவிட்டால் பாடமே முடிந்துவிடும். அதேபோல, காரணம் என்னவென்று நமக்கே தெளிவில்லாதபோது இந்த வரிசையில் அடுக்கினால் இல்லாத உறுதி இருப்பதுபோல் காட்டிவிடும். அப்போது பரிந்துரையின் இடத்தில் "அடுத்து எதைக் கண்டறிய வேண்டும்" என்பதே இருக்க வேண்டும்.

இரண்டாவது கூட்டம்

அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் ஸ்லைடிலேயே, "இன்றைக்குக் குழுவிடம் இரண்டு முடிவுகள் கேட்கப் போகிறோம்" என்று சொல்லித் தொடங்கினோம். பத்து ஸ்லைடுகளுக்கு ஒன்பது நிமிடம் ஆனது. மீதி நேரம் முழுவதும் பேச்சு, பரிந்துரை ஸ்லைடைத் திரையில் வைத்துக்கொண்டே.

அந்தப் பேச்சில் எங்களுக்குத் தெரியாத ஒன்று வெளிவந்தது. கிழக்கு ஊரைச் சேர்ந்த ஓர் அம்மா, "சார், அதே பஸ்லதான் நாங்க பத்துப் பதினஞ்சு பேர் மில்லுக்குப் போறோம். எட்டு அம்பதுக்கு இங்க வரணும்னா அங்க இருந்து எத்தனை மணிக்குக் கிளம்பணும்? சமையலை முடிச்சிட்டு எங்களால வர முடியாது. ஒரு கால்மணி நேரம் முன்னாடின்னா சமாளிச்சிருவோம்" என்றார். முதல் கூட்டத்திலும் அவர் இருந்தார். ஏழு பரிந்துரைகள் ஓடி மறைந்த அந்த வேகத்தில், பேருந்து நேரம் என்ற வரி அவர் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை.

தீர்மானம் திருத்தப்பட்டது. 8.50 என்பது 9 மணி என்றானது. பேருந்து சரியாக வந்தால் பிள்ளைகள் 9.10-க்கு வகுப்பில் இருப்பார்கள். முன்போலவே கால்மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வரும் நாள்களில் 9.25-ஐத் தாண்டிவிடும். அதனால் பாடவேளை மாற்றமும் தேவை என்று குழுவே சொன்னது. இரண்டும் பெயர், நாளோடு தீர்மானப் பதிவேட்டில் ஏறின. தம்பி தங்கையைக் கவனித்துவிட்டு வரும் இரண்டு பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று பேச, அதே ஊர் உறுப்பினர் ஒருவர் தானாக முன்வந்தார்.

திங்கள்கிழமை முதல் 8-ஆம் வகுப்புக்குக் கணக்கு மூன்றாம் பாடவேளையானது. விண்ணப்பம் அந்த வாரமே கிளை மேலாளரிடம் கொடுக்கப்பட்டது. பதில் வரும்வரை பேருந்து பழைய நேரத்துக்கே வந்துகொண்டிருந்தது; ஆனால் கணக்கு வகுப்பு தொடங்கும்போது 30 பேரும் இருந்தார்கள்.